சிக்கனை விட்டுவிட்டு டிஷ்யூவைப் பாருங்கள்

நண்பர் ஒருவர் ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் படம் ஒன்றை அனுப்பினார். தட்டு நிறைய சிக்கன் 65, குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. "இது கலர் போட்டதுதானே?" என்று கேட்டிருந்தார். ஒரே பார்வையில் "ஆமாம், சந்தேகமே வேண்டாம்" என்று பதில் போட்டேன். அது அவர் வீட்டில் செய்தது. காஷ்மீரி மிளகாய்த்தூள், தயிர், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கார்ன்ஃப்ளார், அவ்வளவுதான். போன் கேமராவில் சாப்பாட்டுக்கென்று இருக்கும் மோடில் எடுத்திருந்தார்கள். அந்த மோடு எல்லா நிறத்தையும் ஏற்றிக் காட்டும். சிவப்பை இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அசடு வழிந்தது போதும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்த்தேன். அரைக் கிலோ சிக்கனை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் காஷ்மீரி மிளகாய்த்தூள் மட்டும், இன்னொரு பாதியில் அதே மிளகாய்த்தூளோடு மளிகைக் கடையில் விற்கும் சிவப்புக் கலர் பொடி ஒரு சிட்டிகை. தனித்தனி எண்ணெயில் பொரித்து, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தட்டையும் படம் எடுத்தேன். சிக்கன் துண்டுகளை மட்டும் பார்த்தால் வித்தியாசம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. ஆனால் சுற்றியிருந்த வெங்காயமும் எலுமிச்சையும் டிஷ்யூ பேப்பரும் இரண்டு தட்டிலும் இரண்டு விதமாகப் பேசின. படத்தைப் பார்த்து உணவில் கலர் போட்டிருக்கிறதா என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரும்பகுதி அந்த இரண்டு தட்டைப் பற்றியது, பிறகு பட்டாணியும் பஞ்சு மிட்டாயும் வரும்.

முதலில், என்ன தேடுகிறோம்?

சிக்கன், பட்டாணி, பஞ்சு மிட்டாய் என்ற மூன்று உணவுக்கும் கேள்வி ஒன்றல்ல. இந்தியாவில் செயற்கை நிறமிகள் சிலவற்றை உணவில் சேர்க்க அனுமதி உண்டு. ஆனால் எந்தெந்த உணவில் சேர்க்கலாம் என்று தனிப் பட்டியல் இருக்கிறது. பொரித்த சிக்கனும் கபாபும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே சிக்கனில் செயற்கை நிறம் எதுவாக இருந்தாலும், கடையில் பாக்கெட்டில் விற்கிற 'உணவுக் கலர்' என்றாலும், அது விதிமீறல்தான். கர்நாடக அரசு 2024 ஜூனில் சிக்கன் கபாபிலும் மீன் கபாபிலும் செயற்கை நிறத்தைத் தடை செய்து உத்தரவு போட்டதும் இந்த அடிப்படையில்தான். பட்டாணியில், டின்னில் அடைத்ததற்கு அனுமதி உண்டு, காய்ந்த பட்டாணிக்கும் புதிதாக விற்கும் பச்சைப் பட்டாணிக்கும் இல்லை. பஞ்சு மிட்டாய் இனிப்பு வகை என்பதால் அனுமதிக்கப்பட்ட நிறத்தை அளவோடு சேர்க்கலாம். பிரச்சினை ரோடமின் பி போன்ற துணிச்சாயங்கள் சேரும்போதுதான்.

ஆகவே சிக்கன் படத்தில் 'செயற்கை நிறம் இருக்கிறதா' என்று தேடினால் போதும். பஞ்சு மிட்டாயில் 'எந்த நிறமி' என்பதுதான் கேள்வி, அதற்குப் படத்தால் பதில் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி தவறுகள் குறையும்.

படம் நம்பத்தக்கதா என்று பாருங்கள்

ஃபார்வர்டாக வந்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எடுத்தவரிடம் மூலப்படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும். ஃபில்டர் போட்டதா, சாப்பாட்டு மோடா என்றும் கேளுங்கள்.

அடுத்து, படத்தில் உண்மையில் வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் ஒன்றைத் தேடுங்கள். பேப்பர் தட்டின் ஓரம், டிஷ்யூவின் காய்ந்த மூலை, வேக வைத்த சோறு என்று எதுவானாலும் சரி. அது மஞ்சளாகத் தெரிந்தால் விளக்கு மஞ்சள். அந்த மஞ்சள் சிக்கன் மேலும் விழுந்திருக்கிறது. வண்டிக்கடைகளில் சிவப்புத் துணிப்பந்தலோ சிவப்புப் பிளாஸ்டிக் கூரையோ இருந்தால் தட்டே இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளைப் பொருளே இல்லாத படத்தை நான் தள்ளிவைத்துவிடுவேன். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணால் மதிப்பிடுவது சிரமம் என்றால் எண்ணால் பார்க்கலாம். படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை 0 முதல் 255 வரை காட்டும் கலர் பிக்கர் வசதி பல படச் செயலிகளில் இருக்கிறது. நான் எடுத்த படங்களில் ஒன்று குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. அதில் தட்டின் வெள்ளை ஓரம் 240, 222, 186 என்று காட்டியது. வெள்ளைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே நீலம் ரொம்பக் குறைவு, அதாவது மஞ்சள் வெளிச்சம். இதைச் சரிசெய்ய, படம் முழுவதும் பச்சை எண்ணை 240/222 ஆலும் நீல எண்ணை 240/186 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். தோராயக் கணக்குதான், ஆனால் நம் வேலைக்குப் போதும்.

கலர் போட்ட துண்டில் ஒரு புள்ளி 196, 38, 48. பெருக்கிய பிறகு 196, 41, 62. மிளகாய்த்தூள் மட்டும் போட்ட துண்டில் ஒரு புள்ளி 178, 84, 40; பெருக்கினால் 178, 91, 52. சிவப்பு எண்ணை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டையும் பாருங்கள். மிளகாயில் பச்சை எண் நீலத்தைவிட நன்றாகவே பெரிது. அதாவது அது ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பு. கலர் பொடியில் நீலம் பச்சையைத் தாண்டிவிட்டது, ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பு. பொரித்த சிக்கனில் மிளகாயோ மஞ்சள்தூளோ தானாக ரோஸ் பக்கம் போகாது. ஒரு புள்ளியோடு நிறுத்தாமல் நிழலும் பளபளப்பும் இல்லாத ஐந்தாறு இடங்களில் பாருங்கள். சிவப்பு எண் 255ஐத் தொட்டுவிட்ட இடங்களை விட்டுவிடுங்கள், அங்கே கேமரா திணறியிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எல்லாக் கலர் பொடியும் ரோஸ் அல்ல. கேசரிக்குப் போடுகிற ஆரஞ்சுப் பொடியைச் சிக்கனில் போட்டால் எண்கள் மிளகாய் போலவே வரும். அதனால் எண் 'சந்தேகம் இல்லை' என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம். 'சந்தேகம்' என்று சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி இதைவிட உறுதியானது.

ஈரம் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்

மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தாளிக்கும்போது மிளகாய்த்தூள் போட்டவுடன் எண்ணெய் சிவந்து மேலே மிதப்பதைத் தினமும் பார்க்கிறோம். கலர் பொடி நேர்மாறு: தண்ணீரில் உடனே கரையும், எண்ணெயில் கரையாது. சிக்கன் சிவப்பா ஆரஞ்சா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நிறம் எண்ணெயோடு போயிருக்கிறதா ஈரத்தோடு போயிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஆரஞ்சுப் பொடியும் இதில் தப்பாது.

என் முதல் தட்டில், மிளகாய் மட்டும் போட்டதில், டிஷ்யூவில் இறங்கிய எண்ணெய் வட்டம் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஓரம் போகப் போக மஞ்சளாக மங்கியது. பக்கத்தில் வைத்த வெங்காய வளையத்தில் மசாலாத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. துடைத்தால் வெங்காயம் வெள்ளை. எலுமிச்சையைச் சிக்கன்மேல் பிழிந்து தட்டில் வைத்தேன், சாறு தேங்கிய இடம் கலங்கலாக இருந்தது, மேலே ஆரஞ்சு எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன.

இரண்டாவது தட்டில் எண்ணெய் வட்டம் இதேபோல் ஆரஞ்சுதான், ஏனென்றால் அதிலும் மிளகாய் இருக்கிறது. கடைகளிலும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள், எனவே ஆரஞ்சு எண்ணெய் யாரையும் நல்லவராக்காது. ஆனால் வெங்காயத்தின் வெட்டிய முகம் சீராக ரோஸாகியிருந்தது, துணுக்கு எதுவும் இல்லாமல், சாயம் ஏறிய துணி மாதிரி. எலுமிச்சைச் சாறு தேங்கிய இடம் தெளிவான சிவப்புத் தண்ணீராக இருந்தது. டிஷ்யூவில் எண்ணெய் வட்டத்துக்குள்ளேயே, துண்டின் ஈரம் பட்ட இடத்தில், தனியாக ஒரு சிவப்புத் திட்டு. என் விரல் நுனியும் இரண்டு முறை சோப்புப் போட்ட பிறகும் சிவந்தே இருந்தது.

படத்தில் இவற்றைத்தான் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வெங்காயத்தின் நிறம் துணுக்குகளாக இருக்கிறதா, உள்ளே ஊறியிருக்கிறதா? எலுமிச்சையின் சதை, கடித்த துண்டின் ஓரம், பேப்பர் தட்டில் மசாலா வழிந்த கோடு எல்லாம் எப்படி இருக்கின்றன? ஒரு எச்சரிக்கை: சின்ன வெங்காயமும் சிவப்பு வெங்காயமும் இயல்பிலேயே ஊதா கலந்த ரோஸ், எலுமிச்சை பட்டால் அது இன்னும் பளிச்சென்று ஆகும். தோலோரம் மட்டும் ரோஸாக இருந்து வளையத்தின் நடு வெள்ளையாக இருந்தால் அது வெங்காயத்தின் சொந்த நிறம். நடுவிலும் ஏறியிருந்தால்தான் கணக்கு.

கருகிய ஓரம்

பொரிக்கும்போது மாவும் இறைச்சியும் பழுப்பாகும். மிளகாயின் சிவப்பு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். ஆகவே கலர் போடாத சிக்கனில் ஒரே துண்டில் மூன்று நான்கு நிறம் இருக்கும். குழிந்த இடத்தில் சிவப்பு, மேட்டில் பழுப்பு, முனையில் கறுப்பு. கலர் பொடி பொரிக்கும் சூட்டை ஓரளவு தாங்கும். அதனால் மொறுமொறுவென்று பொரிந்த மெல்லிய முனைகூடச் சிவப்பாகவே நிற்கும், தட்டிலுள்ள எல்லாத் துண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இது துணைச் சாட்சிதான், இதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

பிய்த்த துண்டின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. மேல்மாவுக்குக் கீழே இறைச்சி ஓரம் ஒரு மெல்லிய கோடாகச் சிவந்து, உள்ளே வெள்ளையாக இருந்தால், ஊறலில் இருந்த தண்ணீரோடு நிறம் இறங்கியிருக்கிறது. எலும்பை ஒட்டிய இளஞ்சிவப்பு வேறு. அது இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது, நன்றாக வெந்த சிக்கனிலும் இருக்கும். இதைக் காட்டி "பார், கலர்!" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

பீட்ரூட் சாறு சேர்த்திருந்தால்? அதுவும் தண்ணீரில் கரையும், வெங்காயத்தையும் ரோஸாக்கும். ஆனால் பொரிக்கிற சூட்டில் பெரும்பாலும் பழுப்பாகிவிடும். மொறுமொறுப்பான மேல்பகுதியும் பளிச்சென்று சிவந்து, வெங்காயமும் சிவந்தால் பீட்ரூட்டைக் காரணம் காட்ட முடியாது.

பட்டாணியில் கதை தலைகீழ்

சிக்கனில் நிறம் எங்கே போனது என்று பார்த்தோம். பட்டாணியில் நிறம் ஏன் இன்னும் போகவில்லை என்று பார்க்க வேண்டும். இலைப்பச்சையின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. வேகும்போது அது கழன்று போகும், பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். காய்ந்த பட்டாணியை ஊற வைத்து வேக வைத்தால் மஞ்சள் கலந்த மங்கல் பச்சைதான் வரும். வண்டியில் மணிக்கணக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிற பட்டாணி மசாலா இன்னும் பழுப்பாக இருக்க வேண்டும். அது கிளிப்பச்சையில் மின்னினால் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. வேக வைக்கும்போது ஆப்ப சோடா போட்டால் பச்சை நிற்கும். சாயம் எதுவும் தேவையில்லை. உறைய வைத்த பட்டாணியை ஐந்து நிமிடம் சூடு காட்டி மேலே தூவினாலும் பளிச்சென்று இருக்கும். சோடா போட்டது பெரும்பாலும் தோல் உரிந்து குழைந்திருக்கும். உறைந்த பட்டாணியில் தோல் சுருங்கி, மணிக்கு மணி நிறம் கொஞ்சம் மாறும். சாயம் போட்டதில் எல்லா மணியும் ஒரே நிறம். அதுவும் மஞ்சள் கலந்த பச்சையாக இல்லாமல் நீலம் கலந்த பச்சை; தோலின் விரிசல்களில் மட்டும் அடர்த்தியாகத் தேங்கியிருக்கும். பிளந்த மணி ஒன்று படத்தில் இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். தோல் கரும்பச்சையாகவும் உள்பருப்பு வெளிறியும் இருந்தால் நிறம் வெளியிலிருந்து வந்தது. மாலகைட் கிரீன் என்கிற தடைசெய்யப்பட்ட சாயத்தைப் பற்றித்தான் இங்கே கவலை.

பட்டாணியைப் பொறுத்தவரை படத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் நல்லது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லும் எளிய சோதனை இது: காய்ந்த பட்டாணி கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையானால் நிறம் ஏற்றியது. டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, ஆரம்பத்தில் ஒன்றும் அரை மணி கழித்து ஒன்றுமாக இரண்டு படம் எடுத்தால், பட்டாணியை எத்தனை முறை படம் எடுத்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

பஞ்சு மிட்டாய்

இங்கே கையை விரிக்க வேண்டியதுதான், ஓரளவுக்கு. புதுச்சேரியில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருப்பது தெரிந்து விற்பனையைத் தடை செய்தார்கள். அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடும் தடை செய்தது. அப்போதிருந்து ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய்ப் படம் எது வந்தாலும் "விஷம்" என்று எழுதிப் பரப்புகிறார்கள். அனுமதிக்கப்பட்ட நிறமிகளிலும் ரோஸ் தருபவை உண்டு. ரோஸாக இருப்பதே குற்றமில்லை.

எவ்வளவு ரோஸ் என்பது மட்டும் கொஞ்சம் உதவும். அனுமதிக்கப்பட்ட நிறத்துக்கும் உச்சவரம்பு உண்டு, ஒரு கிலோ உணவில் 100 மில்லிகிராம். பஞ்சு மிட்டாய் ஒன்று 20 கிராம் என்று வைத்தால் அதில் அதிகபட்சம் 2 மில்லிகிராம் நிறமிதான் இருக்கலாம். இவ்வளவு சிறிய அளவு, முடியைவிட மெல்லிய சர்க்கரை இழைகளில் பரவி, நடுவே காற்றும் நிறைந்திருக்கும்போது வெளிறிய ரோஸாகத்தான் தெரியும். உப்பிய பஞ்சு நிலையிலேயே அடர் ரோஸாக, பூப்போட்ட சேலையின் நிறத்தில் இருந்தால் அளவு மீறியிருக்கலாம். ஈரம் பட்டுச் சுருங்கிய இடம் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். காலையில் சுற்றி மாலையில் எடுத்த படத்தில் பாதி பஞ்சு அப்படித்தான் இருக்கும்.

ரோடமின் பி வெயிலில் ஒளிரும் சாயம். அதனால் சில படங்களில் ஓரங்கள் நியான் விளக்குபோல் ஆரஞ்சு கலந்து மின்னும். இதைப் பார்த்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், தீர்ப்பாக்க வேண்டாம். அடர்ந்த ரோஸ் எதுவாக இருந்தாலும் போன் கேமரா சில நேரம் இப்படித்தான் காட்டும். அனுமதி பெற்ற எரித்ரோசின் என்ற நிறமியும் லேசாக ஒளிரும்.

சந்தேகம் வந்துவிட்டது, அப்புறம்?

கடையின் பெயரைப் போட்டுப் படத்தைப் பரப்புவதற்கு முன் யோசியுங்கள். உங்கள் கையில் இருப்பது சந்தேகம், சான்று அல்ல. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை எடுத்து நான்கு பங்காக்கி, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். அறிக்கை தர 14 நாள் கெடு. அங்கே வெள்ளைக் கம்பளி நூலை அமிலம் சேர்த்த கரைசலில் சூடாக்கிச் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. பிறகு தாளில் நிறங்களைப் பிரித்து எந்த நிறமி என்று சொல்வார்கள். உங்கள் படத்தின் வேலை அந்த அலுவலரைச் சரியான கடைக்கு, சரியான நேரத்துக்கு வரவழைப்பது.

அதற்கு மூன்று படம் போதும். வெள்ளைத் தட்டில் உணவு, பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். கடையின் முகப்பு, பதிவு எண் மாட்டியிருந்தால் அந்த 14 இலக்கமும் தெரியும்படி. மூன்றாவது, சாப்பிட்டு முடித்த பிறகு எடுப்பது: கறைபட்ட டிஷ்யூ, மிச்சமிருக்கும் வெங்காயம், பிழிந்த எலுமிச்சை. முதல் இரண்டை எல்லோரும் அனுப்புகிறார்கள், மூன்றாவதைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். கை கழுவப் போகும் முன் அதை விரித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.